பிடித்தம் என்றால் காரணம் சொல்ல வேண்டும்

சம்பள நாளன்று சீட்டைக் கையில் வாங்கியதும் தொழிலாளி முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். அந்த வரியில் உள்ள தொகை போன மாதத்தைவிடக் குறைந்திருந்தால், அவன் கண் மேலே ஏறுகிறது. அங்கே "அட்வான்ஸ்" என்று ஒரு வரி. "லீவு" என்று இன்னொரு வரி. எதிரே இரண்டு எண்கள். அவ்வளவுதான். எந்த அட்வான்ஸ், எந்த நாள் லீவு, எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பதற்குச் சீட்டில் பதில் இல்லை. ஆபீசுக்குப் போய்க் கேட்டால், "கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, போங்கள்" என்று பதில் வருகிறது. கேட்டவன் திரும்பி வருகிறான். கணக்கு சரியா தப்பா என்பது அவனுக்கு அன்றும் தெரியவில்லை, மறுநாளும் தெரியவில்லை.

இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகவே இவ்வாரம் இதை எழுதுகிறோம். பிடித்தமே கூடாது என்பது நமது வாதம் அல்ல. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நியாயம். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் கேட்பதும் முறையாகாது. ஆனால் பிடித்தவர் காரணத்தை எழுத்தில் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தக் கடிதம் எப்படி இருக்க வேண்டும், அதில் எந்த எண் எங்கிருந்து வர வேண்டும் என்பதை நமது பால்மரத் தொழிலாளரும் கிராணிமாரும் ஒருங்கே தெரிந்துகொள்ள வேண்டும்.

கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே ஏறினால் கியா பார்ம் வரும். ஐயாயிரம் அடி உயரம். காய்கறிச் சந்தையும் தோட்டங்களும் உள்ள ஊர்; அதையடுத்துத் தேயிலைச் சரிவுகள். அங்கே மாதச் சம்பளத்தில் வேலை செய்யும் ஒரு தேயிலைத் தொழிலாளி அம்மாளை உதாரணத்துக்காக எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். இது நாம் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட கணக்கு. ஆனால் இதே கணக்கு எந்தத் தோட்டத்து ஆபீசிலும் எந்த மாதமும் வரக்கூடியது.

அந்த அம்மாளின் மாதச் சம்பளம் 1,860 வெள்ளி. 2025-ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 20-இல் வந்தது. பண்டிகைச் செலவுக்காக அக்டோபர் முதல் வாரத்தில் 1,200 வெள்ளி முன்பணம் வாங்கினார். நவம்பர் முதல் மாதம் 300 வெள்ளி வீதம் நான்கு மாதத்தில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. நவம்பரில் 300 கழிந்தது. பாக்கி 900. டிசம்பரில் ஊரில் ஒரு காரியம் வந்தது. ஆண்டு லீவெல்லாம் தீர்ந்துவிட்டதால், டிசம்பர் 8 திங்கள் முதல் 12 வெள்ளி வரை ஐந்து நாள் சம்பளமில்லா லீவு கேட்டார்; கிடைத்தது. ஜனவரியில் டிசம்பர்ச் சம்பளச் சீட்டு வந்தது. கைக்கு வந்த தொகை சுமார் 412 வெள்ளி.

1,860 வெள்ளிச் சம்பளக்காரருக்கு 412 வெள்ளி! ஐந்து நாள் லீவுக்கும் ஒரு முன்பணத்துக்கும் இவ்வளவு போகுமா? ஆபீஸ் என்ன செய்தது என்று பிரித்துப் பார்ப்போம்.

முதலில் லீவுக் கணக்கு. ஆபீஸ் 1,860-ஐ 26-ஆல் வகுத்தது. ஒரு நாளுக்கு 71 வெள்ளி 54 காசு. ஐந்து நாளுக்கு 357 வெள்ளி 69 காசு. அதைக் கழித்து, சம்பளம் 1,502 வெள்ளி 31 காசு என்று எழுதியது. 26 என்ற எண் நம் கிராணிமாருக்குப் பழக்கமான எண்தான். ஓவர்டைம் கணக்குக்கும், ஓய்வு நாள் வேலைக்கும், பெருநாள் வேலைக்கும் மாதச் சம்பளக்காரரின் ஒரு நாள் விகிதத்தைக் காண 26-ஆல் வகுப்பது சட்டப்படியான வழி. அதே பழக்கத்தில் லீவுக்கும் 26-ஐப் போட்டுவிட்டார்கள். இங்கேதான் பிழை.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் 2023 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்தது. அதில் 18ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. மாதம் முழுவதும் வேலை செய்யாத மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளம் எப்படிக் கணக்கிட வேண்டும் என்று அது சொல்கிறது. மாத நடுவில் வேலையில் சேர்ந்தவர், மாத நடுவில் விலகியவர், சம்பளமில்லா லீவு எடுத்தவர் எல்லோருக்கும் ஒரே வழிதான். மாதச் சம்பளத்தை அந்தச் சம்பள மாதத்தில் உள்ள மொத்த நாட்களால் வகுக்க வேண்டும். பிறகு சம்பளம் பெறத் தகுதியுள்ள நாட்களால் பெருக்க வேண்டும். மொத்த நாள் என்றால் ஞாயிறும் பெருநாளும் சேர்ந்த நாள். டிசம்பருக்கு 31. பிப்ரவரியானால் 28.

இப்போது அம்மாளின் கணக்கைப் போடுவோம். 1,860-ஐ 31-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 60 வெள்ளி. ஐந்து நாள் போக மீதி 26 நாள். 26-ஐ 60-ஆல் பெருக்கினால் 1,560 வெள்ளி. ஆபீஸ் எழுதியதோ 1,502 வெள்ளி 31 காசு. வித்தியாசம் 57 வெள்ளி 69 காசு. ஒரு நாள் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட சமம். ஐந்து நாள் லீவு எடுத்தவரிடம் ஆறு நாள் சம்பளத்தைப் பிடித்தது போல் ஆகிவிட்டது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு எண்ணைத் தப்பான இடத்தில் போட்டதால் வந்த வினை. எந்த மாதத்திலும் 26-ஐவிட நாட்கள் அதிகம் இருப்பதால், இந்தப் பிழை எப்போதும் தொழிலாளிக்கு எதிராகவே விழும் என்பதைக் கிராணிமார் மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது முன்பணம். இங்கே ஆபீஸ் செய்தது இன்னும் பெரிய காரியம். வருஷம் முடிகிறது, கணக்கை முடித்துவிடலாம் என்று பாக்கி 900 வெள்ளியையும் ஒரே மாதத்தில் பிடித்துவிட்டது. மாதம் 300 என்று பேசிய பேச்சு காற்றில் போயிற்று. பேச்சு போனது ஒருபுறம் இருக்க, சட்டமும் இதை அனுமதிக்கவில்லை.

வேலைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு முன்பணத்துக்கு ஒரு எல்லை வைக்கிறது. சாதாரண முன்பணம் போன மாதம் சம்பாதித்த தொகையைத் தாண்டக் கூடாது. வீடு வாங்க, சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிள் வாங்க, வைத்தியச் செலவு, படிப்புச் செலவு போன்ற சில காரியங்களுக்கு மட்டும் அதைவிட அதிகம் கொடுக்கலாம். நமது அம்மாள் வாங்கியது 1,200. முந்தின மாதச் சம்பளம் 1,860. ஆகவே கொடுத்ததில் குற்றம் இல்லை. 24-ஆம் பிரிவு, அந்த முன்பணத்தைச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை தருகிறது. ஆனால் இரண்டு வேலிகளைப் போட்டிருக்கிறது. முதல் வேலி, வட்டி சேர்க்கக் கூடாது. வட்டியுள்ள கடன் என்றால், தொழிலாளியே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநரின் எழுத்து அனுமதியும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். இரண்டாவது வேலி, ஒரு மாதத்துப் பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து அந்த மாதம் சம்பாதித்த சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

"எல்லாம் சேர்ந்து" என்ற சொல்லையும் "அந்த மாதம் சம்பாதித்த" என்ற சொல்லையும் நாம் நின்று கவனிக்க வேண்டும். இந்த இரண்டு சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

பாதி என்றால் எதில் பாதி? 1,860-இல் பாதி 930 அல்ல. லீவு போக அந்த மாதம் சம்பாதித்தது 1,560. அதில் பாதி 780. லீவுக் கழிவு இந்தப் பாதிக்குள் சேராது. ஏனென்றால் அது பிடித்தமே அல்ல. சம்பாதிக்காத பணத்தை யாரும் பிடிக்க முடியாது. லீவு சம்பளத்தைக் குறைக்கிறது. முன்பணம் குறைந்த அந்தச் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. சீட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில் நின்றாலும் இரண்டும் வேறு வேறு சாதி. ஆகவே லீவு எடுத்த மாதத்தில் பிடிக்கும் எல்லையும் தானாகவே கீழே இறங்கிவிடுகிறது என்பதை ஆபீஸ் மறக்கலாகாது.

அந்த 780-க்குள் எவையெல்லாம் அடங்க வேண்டும்? ஊழியர் சேமநிதி, சொக்சோ, வேலைக் காப்புறுதி ஆகியவை வேறு சட்டங்களின்படி நடக்கும் பிடித்தங்கள். அவையும் இந்தப் பிரிவுக்குள் வருகின்றன. அம்மாளின் சம்பளத்துக்கு மூன்றும் சேர்ந்து சுமார் 183 வெள்ளி. அவர் எழுதிக் கொடுத்தபடி சங்கச் சந்தா 10 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆக 193. இதற்கு மேல் முன்பணத்துக்குப் பிடிக்கக் கூடியது அதிகபட்சம் 587 வெள்ளி. ஆபீஸ் பிடித்ததோ 900. சட்ட எல்லைக்கு மேல் 300 வெள்ளிக்கும் அதிகமாகப் பிடித்துவிட்டது. பேசியபடி 300 மட்டும் பிடித்திருந்தால், 1,560-இலிருந்து 193-ம் 300-ம் போக, அம்மாள் கைக்கு 1,067 வெள்ளி வந்திருக்கும். 412-க்கும் 1,067-க்கும் இடையில் அந்த மாதத்து அரிசியும் பள்ளிக்கூடத் தவணைச் செலவும் இருக்கின்றன.

இனி, அந்த ஆபீஸ் கிராணி எழுதியிருக்க வேண்டிய கடிதத்தைப் பார்ப்போம். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இவ்வளவு போதும்:

"அம்மா அவர்களுக்கு, வணக்கம். டிசம்பர் 2025 சம்பளம் வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதன் காரணத்தை இதனால் தெரிவிக்கிறோம். உங்கள் மாதச் சம்பளம் 1,860 வெள்ளி. டிசம்பர் 8, 9, 10, 11, 12 ஆகிய ஐந்து நாட்கள் நீங்கள் எழுதிக் கேட்டபடி சம்பளமில்லா லீவு. டிசம்பரில் 31 நாட்கள். சம்பளத்துக்குரிய நாட்கள் 26. ஆகவே 1,860-ஐ 31-ஆல் வகுத்து 26-ஆல் பெருக்க, நீங்கள் சம்பாதித்த சம்பளம் 1,560 வெள்ளி. அக்டோபரில் வாங்கிய முன்பணம் 1,200 வெள்ளி. நவம்பரில் கழிந்தது 300. டிசம்பரில் கழிவது 300. இன்னும் பாக்கி 600. அது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 300 வீதம் கழியும். வட்டி இல்லை. சேமநிதி, சொக்சோ, வேலைக் காப்புறுதி, சங்கச் சந்தா ஆகியவை சீட்டில் தனித்தனியாக உள்ளன. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து 493 வெள்ளி. இது சம்பாதித்த சம்பளத்தில் பாதியான 780-க்கு உட்பட்டது. இதில் ஏதேனும் தவறு இருப்பதாகக் கருதினால், உங்கள் லீவுக் கடிதத்தையும் முன்பணச் சீட்டையும் கொண்டுவந்து பார்க்கலாம். தவறு இருப்பின் திருத்திக் கொடுக்கப்படும்."

இதை எழுத ஒரு கிராணிக்குக் கால் மணி நேரம் போதும். எழுத உட்கார்ந்தாலே பிழை தானாக வெளிப்படும் என்பதுதான் இதன் பெரிய நன்மை. "26-ஆல் வகுத்தோம்" என்று எழுதக் கை போனால், ஏன் 26 என்று மனம் கேட்கும். "பாக்கி முழுவதும்" என்று எழுதப் போனால், பாதியைத் தாண்டுகிறதா என்று பார்க்கத் தோன்றும். நமது கிராணிமாருக்கு நாம் சொல்வது இதுவே: இந்தக் கடிதம் தொழிலாளிக்கு மட்டும் காவல் அல்ல, உங்களுக்கும் காவல். நாளை இலாகா அதிகாரி வந்து ரிஜிஸ்டரைப் புரட்டும்போது உங்கள் கையெழுத்துக்கு அதுவே சாட்சி. கியா பார்ம் பக்கம் வங்காளதேசத்தவர், நேப்பாளத்தவர், இந்தோனேசியர் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் இதே சட்டம்தான். அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

கடிதத்தைப் பெற்ற தொழிலாளி பார்க்க வேண்டியது என்ன? லீவு நாட்களின் தேதி எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். "லீவு 5 நாள்" என்று மட்டும் இருந்தால் போதாது. தேதி இருந்தால்தான், டாக்டர் சர்ட்டிபிக்கெட் கொடுத்த நாள் அதில் நுழைந்துவிட்டதா என்று தெரியும். சட்டப்படியான நோய் லீவு சம்பளத்தோடு கூடியது. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கே ஆண்டுக்கு 14 நாள் உண்டு. ஆனால் நோய் லீவு எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் தோட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், சர்ட்டிபிக்கெட் இருந்தாலும், சொல்லாமல் நின்ற நாளாகவே சட்டம் கருதும். இதில் நமது பக்கமும் கவனம் வேண்டும். ஆண்டு லீவு மிச்சம் இருக்கும்போது, கேட்காமலே சம்பளமில்லா லீவு என்று எழுதிவிட்டார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். அனுமதி பெற்ற சம்பளமில்லா லீவு வேறு. சொல்லாமல் நிற்பது வேறு. சீட்டில் இரண்டுக்கும் ஒரே தொகைதான் குறையும். ஆனால் தக்க காரணமில்லாமல், முன் அனுமதியின்றி, தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் நிற்பவர், காரணத்தைத் தெரிவிக்கவும் முயலாவிட்டால், ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். பெருநாளுக்கு முதல் நாளோ மறுநாளோ சொல்லாமல் நின்றால், தக்க காரணம் காட்டாவிட்டால் அந்தப் பெருநாள் சம்பளமும் போகும். ஆகவே லீவை எழுதிக் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் நகலைப் பெட்டியில் வையுங்கள்.

பால்மரத் தோழர்கள், "இது மாதச் சம்பளக்காரர் கணக்கல்லவா, எங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். பால் எடைக்கும் நாள் கூலிக்கும் வேலை செய்பவருக்கு 18ஏ பிரிவின் வகுத்தல் கணக்கு இல்லை. வேலைக்கு வந்த நாளுக்குத்தான் செக்ரோலில் பெயர் விழுகிறது. வராத நாளுக்கு எதுவும் விழுவதில்லை. ஆகவே நாள் கூலிக்காரரின் சீட்டில் "சம்பளமில்லா லீவு" என்று ஒரு கழிவு வரி இருந்தால், சந்தேகப்பட வேண்டியது அதுதான். வராத நாளுக்குக் கூலியும் எழுதாமல், மறுபடியும் அதே நாளுக்குக் கழித்தால், ஒரே நாளை இரண்டு முறை பிடித்ததாகும். முன்பணத்தைப் பொறுத்தவரை பாதி என்ற எல்லை நாள் கூலிக்காரருக்கும் அப்படியே பொருந்தும். மழைக் காலத்தில் வெட்டு நாள் குறைந்து சம்பளம் குறைந்தால், அந்த மாதம் பிடிக்கக் கூடிய தொகையும் குறைய வேண்டும்.

பாதி எல்லைக்கு ஒரு விலக்கு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். வேலையை விட்டு விலகும்போது, கடைசிச் சம்பளத்திலிருந்து முதலாளிக்குச் சேர வேண்டியதைப் பாதிக்கு மேலும் பிடிக்கலாம். முன்பணம் பாக்கி இருக்கும்போது வேலை மாறுகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இந்த வேலிகள் ஏன் வந்தன என்று கேட்பவர்களுக்கு நமது முன்னோர் கதையே பதில். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் "துண்டு" என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் அவனை விடுவிப்போம் என்று எழுதிய காகிதம் அது. கங்காணி கொடுத்த முன்பணம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கணக்கு எப்படி ஏறியது என்று தொழிலாளிக்குத் தெரியாது. காகிதத்தில் உள்ள கடனோடு அவன் தோட்டம் தோட்டமாக மாறுவான். 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த முறை ஒழிக்கப்பட்டது. முன்பணம் என்பது உதவியாகவும் இருக்கலாம், விலங்காகவும் இருக்கலாம். எதுவாக இருக்கும் என்பதைக் கணக்கு வெளிச்சத்தில் இருக்கிறதா இருட்டில் இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. முன்பணம் கொடுக்கும் நாளிலேயே தொகையும், மாதத் தவணையும், முடியும் மாதமும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பிடித்தம் நடக்கும் மாதத்தில் மேலே காட்டியபடி ஒரு கடிதம் வர வேண்டும். சம்பளம் சம்பள மாதம் முடிந்த ஏழாம் நாளுக்குள் வந்தாக வேண்டும் என்பது சட்டம். அதே நாளில் கடிதமும் வரட்டும். கணக்கில் பிழை தெரிந்தால் முதலில் ஆபீசில் கேளுங்கள். பிறகு தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சீட்டைக் காட்டுங்கள். அங்கும் தீராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் 69-ஆம் பிரிவின் கீழ் புகார் கொடுக்கலாம். ரிஜிஸ்டர்களை ஆறு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது முதலாளியின் கடமை. உங்கள் சீட்டுகளை நீங்களும் வைத்திருங்கள்.

கியா பார்ம் அம்மாளின் கணக்குக்கு வருவோம். அவர் கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான்: "எந்த எண்ணால் வகுத்தீர்கள்? எல்லாம் சேர்ந்து பாதியைத் தாண்டியதா?" இந்த இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் கொடுக்கக் கூடிய ஆபீசில் தகராறு வராது. பதில் கொடுக்க முடியாத ஆபீசில் பிடித்த பணம் திரும்பி வர வேண்டும்.